உயிர்போன வாராந்திர மீட்டிங்கை நிறுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினான்கு பேர், திங்கள் காலை பத்து மணி, ஒரு மணி நேரம். பழைய கணக்கு மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறுகிற வேலைக்காக ஆரம்பித்த மீட்டிங் அது. மாறி முடித்து இரண்டு வருடம் ஆன பிறகும் நடந்துகொண்டே இருந்தது. அதை நடத்தியவன் நான், கடைசியில் நிறுத்தியவனும் நான்தான். எப்படி நிறுத்தினாய் என்று அதன்பிறகு கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே இருக்கின்றன.

எங்கள் மீட்டிங் நிஜமாகவே வீணா, இல்லை எனக்கு மட்டும்தான் போர் அடிக்கிறதா?

நான்கு வாரம் பொறுங்கள், ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் ஒரு விஷயம் பேசி முடிந்ததும் அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து. வெறும் தகவல் என்றால் 'த'. அந்த இடத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்கள் என்றால் 'மு'. இரண்டு பேர் தங்களுக்குள் பேச, மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றால் 'இ'. ஒருவர் எங்கோ மாட்டிக்கொண்டிருப்பது வெளியே வந்து, எதிர்பாராத இன்னொருவர் "அது என்னிடம் இருக்கிறதே" என்று கைகொடுத்தால் 'கை'.

என் நான்கு வாரத்தில் மொத்தம் 71 விஷயங்கள். அதில் 'த' 52, 'இ' 13, 'கை' 4, 'மு' 2. அந்த இரண்டு முடிவுகளில் ஒன்றை மேனேஜரும் இன்னொருவரும் முந்தைய வாரமே எடுத்துவிட்டு வந்து எங்களுக்கு அறிவித்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இதற்குப் பதினான்கு பேரும் சேர்ந்து கொடுத்தது 56 மணி நேரம்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் உடனே நிறுத்திவிடத் தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். என் நோட்டில் முக்கியமானது அந்த நான்கு 'கை'. அதிலும் மூன்று, கடைசியில் "வேற ஏதாவது?" என்று கேட்டபிறகு, எல்லோரும் லேப்டாப்பை மூடிக்கொண்டிருக்கும்போது வந்தவை. அஜெண்டாவில் இல்லாதது, யாரும் திட்டமிடாதது. தகவலை வேறு எந்த வழியிலும் அனுப்பிவிடலாம். இந்த நாலுக்கு வேறு வீடு பார்க்காமல் மீட்டிங்கை நிறுத்தினால், மூன்று மாதத்தில் அது வேறு பெயரில் திரும்பி வரும்.

கேட்டால் எல்லோரும் "நல்லாத்தானே போகிறது" என்கிறார்கள். யாரை நம்புவது?

மீட்டிங்கிலேயே கேட்டிருப்பீர்கள். நடத்துகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது யார்தான் வேறு பதில் சொல்வார்கள்? தனித்தனியாகக் கேளுங்கள், "பிடித்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "போன திங்கள் கேட்டதில் எதையாவது வைத்து அந்த வாரம் ஏதாவது செய்தீர்களா?" என்று கேளுங்கள். பதினான்கு பேரில் ஒன்பது பேர் யோசித்துவிட்டுச் சிரித்தார்கள்.

ஆனால் வேறொரு கிளையிலிருந்து போனில் சேர்ந்துகொள்கிற ஒரு அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் யாருக்கு யார்மேல் கோபம் என்று தெரிகிறது" என்றார். வேடிக்கையாகச் சொன்னாலும் அது உண்மை. எல்லோரும் ஒரே மாடியில் இருக்கும் இடத்தில் காற்றிலேயே வந்து சேரும் செய்தி, தள்ளி இருப்பவருக்கு இந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் வரும். எழுதி அனுப்பும் குறிப்பு எதுவும் அதைத் தராது. அதனால் அவருக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் நான் போன் செய்வது என்று வைத்துக்கொண்டோம். ஒருவருக்காகப் பதின்மூன்று பேர் உட்காருவதைவிட அது மலிவு, அவருக்கும் அதில் கூடுதலாகவே கிடைத்தது.

மேனேஜர்தான் ஆரம்பித்தார். நிறுத்தலாம் என்றால் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

"நிறுத்தலாம்" என்று போகாதீர்கள். "ஆறு வாரம் நிறுத்திப் பார்க்கலாம், இந்தத் தேதியில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்" என்று போங்கள். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் தைரியமாகக் கதவைத் திறப்பார்கள்.

அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அந்த மீட்டிங் அவருக்கு என்ன தருகிறது? பெரும்பாலும் நிம்மதி. தனக்கு மேலே இருப்பவர் திடீரென்று ஏதாவது கேட்டால் திருதிரு என்று விழிக்க வேண்டாம் என்ற நிம்மதி. அதனால் அவரிடம் நேரம் மிச்சமாகும் கதையைச் சொல்வதில் பயன் இல்லை. தகவல் அவருக்கு இப்போது கிடைப்பதைவிட முன்னதாகக் கிடைக்கும் என்று காட்ட வேண்டும். நான் அனுப்பியது இதுதான்:

"திங்கள் மீட்டிங்கை அடுத்த ஆறு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா? அதற்குப் பதிலாக ஒவ்வொரு வெள்ளியும் மூன்று மணிக்கு ஒரு பக்கக் குறிப்பு வரும். திங்கள் காலையில் நீங்கள் கேட்பது வெள்ளி மாலையே கையில் இருக்கும். அவசரமானால் அன்றே போன். ஆறாவது வார முடிவில் நீங்களும் நானும் அரை மணி நேரம் உட்கார்ந்து, தொடர்வதா வேண்டாமா என்று பார்த்துவிடலாம்."

இத்தனை பேர் சம்பளம் இத்தனை மணி நேரம் என்று பெருக்கிக் காட்டும் கணக்கைத் தயவுசெய்து அவரிடம் நீட்டாதீர்கள். கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் "இரண்டு வருடமாகப் பணத்தைக் கொட்டினீர்கள்" என்றுதான் அவர் காதில் விழும்.

முழுசாக நிறுத்தாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் போதாதா?

நானும் முதலில் அதைத்தான் செய்தேன். இந்த வாரம் உண்டா இல்லையா என்று கேட்கும் செய்திகள்தான் கூடின. நோக்கம் போன மீட்டிங் பாதியாகக் குறைந்தாலும் நோக்கம் போனதுதான். அதோடு, "ஏற்கெனவே குறைத்தாகிவிட்டதே" என்று அதற்கு ஒரு வருடம் ஆயுளும் கூடிவிடும்.

அப்படியே எல்லா மீட்டிங்கையும் ஒரே நாளில் தூக்கிவிட்டால்?

செய்தவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் ஷாப்பிஃபை நிறுவனம், மூன்று பேர் அல்லது அதற்கு மேல் கலந்துகொள்கிற தொடர் மீட்டிங்குகளைக் காலண்டரிலிருந்து ஒரேயடியாக நீக்கியது, இரண்டு வாரத்துக்கு எதையும் திரும்பச் சேர்க்காதீர்கள் என்றும் சொன்னது. அது தலைமையே முடிவெடுத்துச் செய்தது. நடுவில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் அந்த அதிகாரம் கிடையாது, ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

மெயில் அனுப்பினால் ஒருவரும் படிப்பதில்லை. மீட்டிங் இல்லாமல் தகவல் எப்படிப் போய்ச் சேரும்?

படிக்காததற்குக் காரணம் மெயில் இல்லை, அதில் இருப்பது. "இந்த வாரம் நான் என்ன செய்தேன்" என்று பதினான்கு பேர் எழுதினால் அது வருகைப் பதிவேடு. நான் சுறுசுறுப்பாக இருந்தேன் என்று நிரூபிக்கத்தான் எழுதுவார்கள், அடுத்தவருக்கு அதில் ஒன்றும் இருக்காது. எங்கள் முதல் குறிப்பு மூன்று பக்கம் வந்தது. எழுதிய எனக்கே படிக்க அலுப்பு.

அப்புறம் கேள்வியை மாற்றினோம். ஒவ்வொருவரும் மூன்றுக்கு மட்டும் பதில் எழுத வேண்டும். போன வாரம் சொன்னதிலிருந்து என்ன மாறியது? எது நிற்கிறது, யாருக்காக நிற்கிறது? யாரிடமிருந்து என்ன முடிவு, எந்தத் தேதிக்குள் வேண்டும்? மாறாததை எழுதவே கூடாது. "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்ற வாக்கியத்தைப் பார்த்த இடத்திலேயே அடித்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமைக் குறிப்பின் தலைப்பகுதி கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"பதில் வேண்டியவை: மாதக் கடைசி அறிக்கையை இரண்டாகப் பிரிக்கலாமா என்று விற்பனைப் பிரிவு புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வியாழன் முதல் பிரித்தே அனுப்புவோம்.
நிற்பவை: கிடங்கு இருப்புக் கணக்கு, பழைய குறியீட்டுப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறது. பட்டியல் இருப்பது கொள்முதலில்.
மாறியவை: புது ஆள் செவ்வாய் சேர்கிறார். பில் திருத்தம் இனி மாலை நான்கு மணிவரைதான்."

இதில் உயிர்நாடி அந்த "சொல்லாவிட்டால்" வரி. மீட்டிங்கில் யாரும் மறுத்துப் பேசவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் அல்லவா, எழுத்தில் அந்த வசதி தானாக வராது. பதில் வராமலே ஒரு விஷயம் மாதக்கணக்கில் தொங்கும். பதில் இல்லாவிட்டால் என்ன நடக்கும், எந்த நாளில் நடக்கும் என்று எழுதிவிட்டால், ஒத்துக்கொள்கிறவர் சும்மா இருக்கலாம், மறுக்கிறவர் மட்டும் வாயைத் திறந்தால் போதும். ஆனால் திருப்பி மாற்ற முடிகிற விஷயங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். ஒருவரின் வேலைப் பங்கை மாற்றுவது, பணம் போவது போன்றவற்றை இப்படி நைசாக நகர்த்தினால் அடுத்த வாரமே உங்கள் குறிப்பின்மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது.

இடம்: எல்லோரும் திறக்கக்கூடிய ஒரே பக்கம், ஒரே லிங்க், புதிய வாரம் மேலே. குரூப்பில் போடுவது "பதில் வேண்டியவை" பகுதி மட்டும், அதுவும் சம்பந்தப்பட்டவர்களின் பெயரோடு. தன் பெயர் இருந்தால் யாரும் படிக்காமல் விட மாட்டார்கள்.

இதை எழுதும் வேலை யார் தலையில் விழும்?

விட்டால் டீமில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும், அவருக்கோ எது முக்கியம் என்று வெட்டத் தெரியாது, மூத்தவர் வரியை அடிக்கத் தைரியமும் இருக்காது. மீட்டிங்கை நிறுத்தச் சொன்னவரே முதல் ஆறு வாரம் செய்வதுதான் நியாயம். நான் அப்படித்தான் செய்தேன். வியாழன் நான்கு மணிக்குள் அவரவர் வரிகளை அவரவரே பக்கத்தில் எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை நான் வெட்டி ஒட்ட இருபத்தைந்து நிமிடம் ஆனது.

எழுதாதவர்களைத் துரத்தக் கூடாது. அவர் பெயருக்கு எதிரே "இந்த வாரம் எதுவும் சொல்லவில்லை" என்று மட்டும் போட்டுவிடுவேன். குத்தலாக இல்லை, அதுதானே நடந்தது. இரண்டு வாரம் அப்படிப் பார்த்த பிறகு பெரும்பாலும் அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

நிஜமாகவே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியது வந்தால்?

கூடிப் பேசுங்கள், அதற்கு ஒரு தடையும் இல்லை. தேவைப்படும் நான்கு பேர், அரை மணி நேரம், இன்வைட்டிலேயே ஒரு வரிக் கேள்வி. அந்தக் கேள்வியை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் மீட்டிங் போடும் அளவுக்கு விஷயம் இன்னும் பழுக்கவில்லை. முடிவு அன்று மாலையே பக்கத்தில் ஏறிவிட வேண்டும், யார் சொன்னது, ஏன் என்பதோடு. "ஏன்" முக்கியம், கூட்டத்தில் இல்லாத பத்துப் பேரும் அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.

காலண்டரில் எப்படி நீக்குவது? அழித்துவிட்டால் போதும்தானே?

பொறுங்கள். முழுத் தொடரையும் அழித்தால் நடந்து முடிந்த பழைய மீட்டிங்குகளும், அவற்றோடு இணைத்த ஃபைல்களும் குறிப்புகளும் எல்லோர் காலண்டரிலிருந்தும் போய்விடும். ஒரு வருடம் கழித்து "அந்த முடிவை என்றைக்கு எடுத்தோம்" என்று தேடும்போதுதான் உறைக்கும். கூகுள் காலண்டர் என்றால் நிறுத்த வேண்டிய முதல் வாரத்தைத் திறந்து, நீக்கும்போது `This and following events` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவுட்லுக் என்றால் தொடரைத் திறந்து அதன் கடைசித் தேதியை மாற்றி எல்லோருக்கும் அப்டேட் அனுப்புங்கள், `Cancel` பக்கம் போகாதீர்கள்.

இன்வைட் போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால் அது தனித் தலைவலி. மற்றவர்கள் தங்கள் காலண்டரில் மட்டும்தான் நீக்க முடியும், தொடரையே முடிக்க முடியாது. அவர் கணக்கு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால் அட்மினிடம் சொல்லி அங்கிருந்து முடித்துவிடுங்கள்.

நீக்குவதற்கு முன் ஒரு செய்தி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். காலண்டரிலிருந்து மீட்டிங் சத்தமில்லாமல் மறைந்தால், தன்னை மட்டும் கழற்றிவிட்டார்கள் என்று குறைந்தது ஒருவராவது நினைப்பார்.

நிறுத்திய பிறகு என்ன தப்பாகப் போனது?

மூன்றாவது வாரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். கொள்முதல் பிரிவில் ஒருவர், தினமும் அனுப்புகிற ஃபைலில் தேதி எழுதும் முறையை மாற்றினார். நாள் முதலில், மாதம் அடுத்தது என்று இருந்ததை, மாதம் முதலில் என்று ஆக்கினார். அவருக்கு அது ஐந்து நிமிட வேலை. அந்த ஃபைலைத் தானாக இழுத்துப் பதியும் கணக்குப் பிரிவில், ஏப்ரல் 3-ம் தேதி பில்கள் மார்ச் 4-ம் தேதியில் போய் உட்கார்ந்தன. 12-ம் தேதிக்கு மேல் இருந்திருந்தால் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் பிழை காட்டியிருக்கும், உடனே மாட்டியிருக்கும். இவை சின்ன எண்கள், சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டன. கண்டுபிடிக்க இரண்டு நாள், சரிசெய்ய இன்னொரு நாள்.

"மீட்டிங் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்த "வேற ஏதாவது?" நேரத்தில் அவர் வாய்தவறிச் சொல்லியிருக்கலாம். குறிப்பில் அவர் ஏன் எழுதவில்லை என்றால், எழுதுகிற அளவுக்கு அது பெரிய விஷயமாக அவருக்குத் தெரியவில்லை. எழுத்தின் குறையே இதுதான். பேச்சில் சின்ன விஷயம் தானாக நழுவி விழும், எழுத்தில் சின்ன விஷயத்தை மனிதன் தானே வடிகட்டிவிடுவான்.

அதனால் நான்காவதாக ஒரு கேள்வி சேர்த்தோம்: "உங்களிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் எதையாவது அடுத்த இரண்டு வாரத்தில் மாற்றப்போகிறீர்களா, எவ்வளவு சின்னதானாலும்?" இதற்கு மட்டும் காலியாக விட அனுமதி இல்லை, "இல்லை" என்றாவது எழுத வேண்டும். அதற்கடுத்த வாரமே இரண்டு மாற்றங்கள் முன்கூட்டியே வெளியே வந்தன. என் நோட்டில் இருந்த அந்த நாலு 'கை'க்கு இதுதான் புது வீடு.

இன்னொன்றும் நடந்தது. நான்காவது வாரம் திங்கள் பத்து மணிக்கே ஐந்து பேர் கூடி ஒரு "சின்ன கால்" பேச ஆரம்பித்திருந்தார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. விசாரித்தால், ஐந்து பேரும் ஒரே அறிக்கையில் கை வைக்கிறவர்கள், அவர்களுக்கு அது தேவைதான். சரி, அறிக்கை முடியும் தேதியையே தொடரின் கடைசித் தேதியாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பழையதும் அப்படிக் கடைசித் தேதி இல்லாமல் ஆரம்பித்ததால்தானே இரண்டு வருடம் ஓடியது.

குறிப்பைப் படிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், திறப்பது படிப்பது ஆகாது. நான் எண்ணியது "எனக்குத் தெரியாதே" என்ற வார்த்தையை. யாராவது அப்படிச் சொன்னால் தேதி போட்டுக் குறித்துக்கொள்வேன், பிறகு அது குறிப்பில் இருந்ததா என்று பார்ப்பேன். இருந்தும் தெரியவில்லை என்றால் எழுதியது புதைந்துவிட்டது, மேலே கொண்டுவர வேண்டும் அல்லது பெயர் போட வேண்டும். இல்லவே இல்லை என்றால் கேள்வி சரியில்லை. மீட்டிங் நடந்த கடைசி நான்கு வாரத்திலும் இதை எண்ணி வைத்திருந்தேன், ஐந்து தடவை. அதாவது பதினான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்ட காலத்திலேயே ஐந்து. நிறுத்திய முதல் மூன்று வாரத்தில் நான்கு, கடைசி மூன்று வாரத்தில் ஒன்று.

எந்த மீட்டிங்கை நிறுத்தக் கூடாது?

டீம் புதிதாகச் சேர்ந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறது என்றால் தொடாதீர்கள், முகம் பழகாதவர்கள் எழுத்தில் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். வேலை முழுக்கக் கைகளில் நடக்கும் இடத்தில், உட்கார்ந்து எழுத நேரமோ கணினியோ இல்லாதவர்களிடம் இந்தக் குறிப்பைத் திணிப்பதும் அநியாயம், அவர்களுக்கு நின்றபடியே பத்து நிமிடம் பேசுவதுதான் சரி. ஒருவர் தன் குறையைச் சொல்ல அந்த மீட்டிங் ஒன்றுதான் இடம் என்று உங்களுக்குத் தெரிந்தால், முதலில் அவருக்கு வேறு இடம் கொடுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் மேனேஜர் என்ன சொன்னார்?

அரை மணி நேரம் என்று சொல்லியிருந்தோம், பத்து நிமிடத்தில் முடிந்தது. தேதி மாறிய கதையைத்தான் முதலில் எடுத்தார், நான்காவது கேள்வியைக் காட்டினேன். வெள்ளி மூன்று மணி என்பதை இரண்டு மணியாக்கச் சொன்னார், அவருக்கு மேலே இருப்பவர் மூன்றரைக்குப் போன் செய்வாராம். மாதத்தில் முதல் திங்கள் மட்டும் எல்லோரும் முக்கால் மணி நேரம் உட்காரலாம், ஆனால் யாரும் ஸ்டேட்டஸ் சொல்லக் கூடாது என்றார். அந்த அக்காவும் அதற்கு வருகிறார்.